மேடத்துக்கு வழி விடுங்க

கிட்ட வந்து உக்காருங்க அம்மிணி. இன்னும் கொஞ்சம் கிட்ட. அந்தத் தூண் பக்கம் வேண்டாம், குளவி கூடு கட்டியிருக்குது. ஹெச்.எம். இப்போதைக்கு வரமாட்டார். மீட்டிங்குக்குப் போயிருக்கார். அங்க டீயும் வடையும் குடுத்து முடிச்சாத்தான் எந்திரிப்பார். அதுவரைக்கும் நான் இந்தக் கொண்டைக்கடலையில கல்லுப் பொறுக்கிக்கிட்டே பேசறேன், நீங்க கேளுங்க.

என்னது, டி.சி. வாங்க வந்தீங்களா? பையனைக் கொசு கொசுன்னு கூப்பிடறாங்கன்னா? அதுக்கா டி.சி.? சரி சரி, மூஞ்சியத் திருப்பாதீங்க. ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். கொசுன்னு சொன்னவனை உங்க பையன் திருப்பி என்னன்னு கூப்பிடறான்? தெரியாதா? கேக்கவே இல்லையா? நல்லா இருக்குது போங்க. பெத்தவங்க எல்லாரும் இப்படித்தான். பாதிய மட்டும் காதுல வாங்கிக்கிட்டு செருப்ப மாட்டிக்கிட்டுக் கிளம்பிடுவீங்க.

நான் சொல்லலாம். எனக்குக் காது அப்படி. இருபத்தி ரெண்டு வருசமா இந்த சத்துணவுக்கூடத்துல கரண்டி பிடிக்கறேன். படிப்பு மூணாங்கிளாஸ்தான், எழுத்துக் கூட்டினா வாசிச்சிருவேன். ஆனா கண்ணை மூடிக்கிட்டு நின்னாலும், தட்டு விழுற சத்தத்துலயே யாரு தட்டுன்னு சொல்லுவேன். நூத்திப் பன்னெண்டு பிள்ளைங்க. நூத்திப் பன்னெண்டு பேரும் மனப்பாடம். இதை ஞாபகம் வெச்சுக்குங்க, பின்னால வேணும்.

போன வருசம் ஆடி மாசம். ஏழாங்கிளாஸ் நித்தினோட மாமன் ஒருத்தன் பைக்குல வந்தான். கேட்டுக்கிட்ட நிக்கறப்ப மருமவனை அதே கிளாஸ் பூவரசன் 'தீக்குச்சி'ன்னு கூப்பிட்டது காதுல விழுந்துபோச்சு. அவ்வளவுதான், ஹெச்.எம். ரூமுக்குள்ள போயி மேசையத் தட்டறான். 'எங்க குடும்பத்துப் பையனைத் தீக்குச்சிங்கறதா? இது ராகிங் சார்!' ராகிங்காம். எங்கயோ டீக்கடையில கேட்ட வார்த்தை. நம்ம ஹெச்.எம். பொன்னுரங்கம் சார் இருக்காரே, அவருக்கு யாராச்சும் குரல ஒசத்தினாப் போதும், அன்னிக்கே ஒரு ரூல் போட்டிருவார். அடுத்த நாள் பிரேயர்ல அறிவிச்சார். பட்டப்பேரு சொன்னா கிரவுண்ட மூணு சுத்து ஓடணும். அதுக்குன்னு ஒரு நோட்டு. அட்டை போட்டு, லேபிள் ஒட்டி.

யாரு சொன்னாங்கன்னு எப்படித் தெரியும்? அங்கதான் என்னைக் கூப்பிட்டார். 'நாச்சம்மா, உங்க காதுதான் நம்ம ஸ்கூலுக்கு மைக்கு'ன்னார். எனக்கும் குளுந்துபோச்சு. பொய் சொல்ல மாட்டேன்.

மொத நாளே பதினாலு பேரு எழுதிக் குடுத்தேன். குண்டான், தீக்குச்சி, ஓட்டவாய், வெடக்கோழி, பொரி உருண்டை. முக்காவாசி அந்த நித்தினும் பூவரசனும்தான். ரெண்டும் ஒரே பெஞ்சு, ஒரே சைக்கிள்ல வருங்க. நித்தின் ஒல்லி, பூவரசன் பருமன். 'டேய் குண்டான், பந்த விடுறா!' 'வாடா தீக்குச்சி, உரசிப் பாக்கலாம்!' இப்படியே நாள் பூரா. ஓடுங்கடான்னு ஓடவிட்டார் ஹெச்.எம். ஒரே வாரத்துல கிரவுண்டு மயானம் மாதிரி ஆயிருச்சு. கபடி இல்ல, கிளிந்தட்டு இல்ல. பசங்க ஆளுக்கொரு மூலையில உக்காந்து நகத்தக் கடிக்கறானுங்க. 'பாத்தீங்களா ஒழுக்கம்!'ங்கறார் அந்த மனுசன். உருப்படியா ஒண்ணும் கிடையாது அந்தத் தலைக்குள்ள. ரெண்டு மாசம் போனப்புறம்தான் ஒளிச்சு மறைச்சு மறுபடி ஆட ஆரம்பிச்சானுங்க.

அந்த நோட்டுல ஒரு தடவை கூடப் பேரு வராத பிள்ளை ஒருத்தி இருந்தா. மோனிஷா. ஏழாங்கிளாஸ் லீடர். ரெட்டை ஜடை, வெள்ளை ரிப்பன், தட்டக் கழுவிக் கவுத்தி வெச்சிட்டுத்தான் போவா. 'ஆயம்மா, சட்டி பாரமா இருக்குதுங்களா, பிடிக்கட்டுங்களா?' அப்படி ஒரு பாந்தம். கெட்ட வார்த்தை கிடையாது. பட்டப்பேரு கிடையாது. ஹெச்.எம். பிரேயர்ல அவளை மேடைக்கு ஏத்திக் கைதட்டச் சொன்னார். சிபாரிசு பண்ணினது நான்தான். எல்லாருக்கும் மரியாதை குடுப்பா சார், புதுசா வந்த பிள்ளையக்கூட மேடம்னுதான் கூப்பிடுவான்னு சொன்னேன்.

ஆமா, அந்தப் புதுப் பிள்ளை. தருமபுரிப் பக்கம் இருந்து தறிக்கு வந்த குடும்பம். ஜூன்ல ஏழாங்கிளாஸ்ல சேந்துச்சு. மொத நாள் சாப்பிட உக்காரறப்ப தரையை ஊதி, கைக்குட்டையால தட்டிட்டு உக்காந்துச்சு. அன்னிக்கே மோனிஷா சொல்லிட்டா, 'ஏய், மேடத்துக்கு வழி விடுங்க.' அதுல இருந்து அந்தப் பிள்ளை வந்தா வரிசை ரெண்டா ஒதுங்கும். தண்ணிக்குழாயில நிக்கறவங்க குழாய விட்டுருவாங்க. பெஞ்சுல உக்காந்திருக்கறவங்க எந்திரிச்சு முழுப் பெஞ்சையும் குடுத்திருவாங்க. என்ன மரியாதை பாருங்கன்னு நானே சத்துணவு அமைப்பாளர் கிட்டச் சொன்னேன். நானும் மேடம்னே கூப்பிட ஆரம்பிச்சேன். 'வாங்க மேடம், முட்டை வாங்கிக்குங்க.' வரிசையே சிரிக்கும். நான் நல்லா தமாசு பண்றேன்னு நினைச்சுக்குவேன்.

அந்தப் பிள்ளைக்குத்தான் திமிரு. அப்படித்தான் தெரிஞ்சுது. சிரிக்கவே சிரிக்காது. முன்ன வரிசைக்கு நடுவுல வரும், அப்புறம் கடைசியில வந்துச்சு, அப்புறம் அண்டாவ நான் கவுக்கற நேரத்துக்கு வந்துச்சு. பிறகு முட்டையே வேண்டாம்னுச்சு. 'வேண்டாமா? ஓகோ, மேடத்துக்கு எங்க முட்டை இறங்காதா?'ன்னு கேட்டேன். தட்ட அப்படியே வெச்சுட்டுப் போயிருச்சு. கழுதை, போனாப் போவுதுன்னு விட்டேன்.

இந்த நேரத்துலதான் அருள்மேரி டீச்சர் மாத்தலாகி வந்தா. ஏழாங்கிளாஸ் டீச்சர். நானும் எத்தனையோ டீச்சரப் பாத்துட்டேன், இப்படி ஒரு சோம்பேறியப் பாத்ததில்ல. மத்தியானம் மத்த டீச்சருங்க எல்லாம் ஃபேனுக்குக் கீழ டிபன் பாக்ஸத் தொறந்தா, இவ வேப்பமரத்தடியில போயி நிப்பா. பின்னால கையக் கட்டிக்கிட்டு. ஒருத்தனை அதட்ட மாட்டா. சண்டை வந்தா விலக்க ஓட மாட்டா, ரெண்டு நிமிசம் பாத்துட்டுத்தான் நகருவா. பேன் பாக்கற மாதிரி ஒரு பார்வை. கையில ஒரு சின்ன நோட்டு. இதுக்கா சம்பளம்னு நான் காதுபடவே சொன்னேன். சிரிச்சா. சுரணையும் இல்ல பாத்துக்குங்க.

ஒரு நாள் நான் பிடிச்சுக் கேட்டேன். 'ஏன் டீச்சர், அந்தத் தடிப்பசங்க ஒருத்தனை ஒருத்தன் கேவலமாப் பேசறானுங்க, நீங்க பேசாம நிக்கறீங்க?'

'எந்தப் பசங்கக்கா?'

'நித்தினும் பூவரசனும். ரூல் இருக்கறப்பவே குசுகுசுன்னு பேசிக்கறானுங்க. நேத்துக்கூட எழுதிக் குடுத்தேன்.'

'பூவரசன் திருப்பிச் சொல்றானாக்கா?'

'சொல்லாம? ஒண்ணுக்கு ரெண்டாச் சொல்லுவான்.'

'சொல்லிட்டு?'

'சொல்லிட்டு என்ன, விளையாடுவானுங்க.'

'போன வாரம் நித்தின், குடிகாரன் மவனேன்னு ஒரு வார்த்தை விட்டானே, கேட்டீங்களா?'

கேட்டிருந்தேன். எழுதியும் குடுத்திருந்தேன். மூணு சுத்து.

'சொன்னதும் பூவரசன் மூஞ்சி விழுந்துபோச்சு. பந்தக் கீழ போட்டுட்டுப் போயிட்டான். நித்தின் என்ன பண்ணினான்னு பாத்தீங்களா? பின்னாலேயே போனான். அவனோட முட்டையில மஞ்சக்கருவ எடுத்து அவன் தட்டுல வெச்சான். அன்னியில இருந்து அந்த வார்த்தையத் தொடறதே இல்ல. குண்டானோட நிறுத்திக்கறான். சொன்னது தப்புதான், நான் கூப்பிட்டுச் சொன்னேன். ஆனா வலிக்குதுன்னு தெரிஞ்சதும் நிறுத்தறான் பாருங்க, அவன்தான் கூட்டாளி, அக்கா.'

நான் வார்த்தையக் கேட்டேன், இவ மஞ்சக்கருவ எண்ணிக்கிட்டு நின்னிருக்கா. வேலையத்தவ.

அப்புறம் மெதுவா, ஏதோ உப்பு விலை கேக்கற மாதிரி கேட்டா. 'அக்கா, உங்க காதுக்குத் தப்பாதுங்கறாங்க. அந்தப் புதுப் பிள்ளை யாருக்காச்சும் பட்டப்பேரு சொல்லிக் கேட்டிருக்கீங்களா?'

'எந்தப் புதுப் பிள்ளை? மேடமா? அது வாயத் தொறந்தாத்தானே.'

'மோனிஷா இதை மேடம்னு கூப்பிட்டா, இது திருப்பி ஏதாச்சும் சொல்லுமா?'

'இல்ல.'

'வேற யாரையாச்சும் மோனிஷா மேடம்ங்கறாளா?'

யோசிச்சேன். இல்ல.

'சரி, யாராச்சும் அந்தப் பிள்ளைய அது பேரச் சொல்லிக் கூப்பிட்டுக் கேட்டிருக்கீங்களா?'

வரிசை வரிசையா நினைச்சுப் பாத்தேன் அம்மிணி. யாரும் கூப்பிட்டுக் கேக்கல. அது மட்டுமில்ல, எனக்கே அது பேரு தெரியல. அஞ்சு மாசமாச் சோறு போடறேன். நூத்திப் பன்னெண்டு பேரு மனப்பாடம்னு சொன்னேனில்ல, நூத்திப் பதினொண்ணுதான்.

அதுக்கு நான் என்ன பண்ண முடியும்? யாரும் சொல்லாத பேரக் காது எங்க போயிப் பிடிக்கும்? காதைக் குத்தஞ் சொல்லிப் பிரயோஜனமில்ல.

'தேன்மொழி'ன்னா டீச்சர்.

அவ அந்தச் சின்ன நோட்ட நீட்டினா. எழுத்துக் கூட்டினேன். தண்ணிக்குழாய், சாப்பாட்டு வரிசை, கக்கூஸ் பக்கம். டீச்சருங்க இல்லாத இடம் எல்லாம். பக்கத்துல தேதி. பதினோரு நாள் சாப்பாட்டு நேரம் பாத்ததுல பதினோரு நாளும் இருக்குது. மோனிஷா 'மேடம்'னு சொன்னதும் மத்த பிள்ளைங்க உடனே சிரிக்க மாட்டாங்களாம், மொதல்ல மோனிஷா மூஞ்சியப் பாப்பாங்களாம், அப்புறம்தான் சிரிப்பாங்களாம். தேன்மொழி மட்டும் தட்டப் பாத்துக்கிட்டுப் போகும். விளையாட்டு நடந்துக்கிட்டு இருந்தா அதோட நின்னுரும்.

'மரியாதையாத்தானே டீச்சர் வழி விடறாங்க?'

'நாளைக்கு வழி விட்டப்புறம் பக்கத்துல யாரு உக்காரறாங்கன்னு பாருங்கக்கா.'

பாத்தேன். முழுப் பெஞ்சு. நாலு பேரு உக்காரற பெஞ்சு. ஒத்தை ஆளா ஒரு பிள்ளை.

இதை அவ ஹெச்.எம். கிட்டச் சொன்னா. யாரையும் கூப்பிட்டு விசாரிக்க வேண்டாம் சார், நான் பாத்துக்கறேன்னும் சொன்னாளாம். அந்த மனுசன் கேப்பாரா? ரெண்டு பிள்ளைங்களையும் ரூமுக்குக் கூப்பிட்டுப் பக்கம் பக்கமா நிக்க வெச்சார். நான் டீ கொண்டு போனேன், எல்லாம் காதுல விழுந்துச்சு. 'ஏம்மா, இவ உன்னைக் கிண்டல் பண்றாளா?' அந்தப் பிள்ளை ஓரக்கண்ணுல மோனிஷாவப் பாத்துச்சு. 'இல்ல சார்.' 'மேடம்னு சொன்னா என்ன தப்பு? மரியாதைதானே?' 'ஆமா சார்.' 'அப்புறம் என்ன, ரெண்டு பேரும் கைகுடுங்க பாக்கலாம்.' கைகுடுத்தாங்க. கதை முடிஞ்சுதுன்னு டீய உறிஞ்சினார். புலி பக்கத்துல ஆட்ட நிறுத்தி, இது உன்னக் கடிக்குதான்னு கேட்ட அறிவாளி அவர்தான்.

மறுநாள் மத்தியானம் தேன்மொழி தட்டோட வருது. பொம்பளப் பிள்ளைங்க மொத்தமும் ரெண்டு பக்கமும் கையக் கட்டிக்கிட்டு, தலையக் குனிஞ்சு நிக்குதுங்க. கப்புச்சிப்புன்னு. மோனிஷா மட்டும், 'மேடம் கம்ப்ளெயின்ட் குடுத்திருக்காங்க, மூச்சு விடாதீங்க.' அதே வழியா வந்த ஹெச்.எம். பாத்துட்டு என்ன சொன்னார் தெரியுமா? 'சபாஷ், வரிசைன்னா இப்படி இருக்கணும்.'

அடுத்த திங்கக்கிழமை தேன்மொழி வரல. செவ்வாயும் வரல. அவங்கப்பன் வந்து, பிள்ளைக்குப் படிப்புல இஷ்டமில்லீங்க, தறியில நூல் சுத்தறேங்குது, பேர அடிச்சிருங்கன்னான். பன்னெண்டு வயசு. உங்கள மாதிரிதான், இதே இடத்துல உக்காந்திருந்தான். டீச்சர் அவன் பக்கத்துல கீழயே உக்காந்தா. பத்து நாள் குடுங்கண்ணான்னு கேட்டா. பத்து நாள் கழிச்சு ஒரு தடவை கொண்டாந்து விடுங்க, அப்புறம் உங்க இஷ்டம்.

அந்தப் பத்து நாளும் அவ பண்ணின வேலையச் சொன்னாச் சிரிப்பீங்க. பெருசா ஒண்ணும் பண்ணல. மரத்தடிய விட்டுட்டுத் தண்ணிக்குழாய்கிட்ட வந்து நின்னா. பொம்பளப் பிள்ளைங்கள ஒவ்வொருத்தியாக் கூப்பிட்டா, கும்பலா இல்ல. சாக்பீஸ் எடுக்க, மேப்பு சுருட்டன்னு ஒரு சாக்கு. நீ ஏன் சிரிச்சேன்னு கேக்கல. தேன்மொழி வந்தா உனக்கு என்ன தோணும்னு கேட்டா. திவ்யாங்கற சின்னவ, என் சாமான் அறையிலதான் நின்னு அழுதா. 'பயமா இருக்கும் டீச்சர். அவ பக்கத்துல உக்காந்தா எங்களை மேடத்தோட ஆயான்னு சொல்லுவா மோனிஷா. ஆயா ஆயிட்டா அப்புறம் யாரும் பேச மாட்டாங்க.'

என்ன சொன்னா? ஆயா ஆயிட்டாலா? நான் கரண்டியக் கீழ போட்டேன். ஆயான்னா அவ்வளவு கேவலமா? என் சட்டியப் பிடிக்கட்டுங்களான்னு ரெட்டை ஜடைய ஆட்டிக்கிட்டு நின்னாளே, அந்த வாயா? ஒண்ணும் தெரியாத பாப்பா போட்டாளாம் தாப்பா. போடி உன் பாந்தத்துல கொள்ளியப் போட.

நான் அப்பவே போயி அவ ரிப்பனப் பிடிச்சிருப்பேன். டீச்சர் தடுத்துட்டா. 'நாலு பேரு முன்னால அவளைக் கிழிச்சா, நாளைக்கு அவ தேன்மொழியக் கிழிப்பா. நம்ம இல்லாத இடத்துல.' தனியாக் கூப்பிட்டுப் பேசினா. கதவத் தொறந்து வெச்சுத்தான், அதனால எனக்குக் கேட்டுச்சு. சத்தம் போடல. நோட்டத் தொறந்து வெச்சு, இந்தத் தேதியில இங்க இதைச் சொன்னே, இந்தத் தேதியில இங்கன்னு வாசிச்சா. 'சும்மா விளையாட்டுக்கு டீச்சர்'ன்னா மோனிஷா. 'விளையாட்டுன்னா மாத்தி மாத்தி விளையாடணும். அது ஒரு நாளாச்சும் உன்னைச் சொல்லியிருக்குதா? வேண்டாம்னு சொல்ல முடியாத ஆளை எல்லாருமாச் சேந்து ஒதுக்கறதுக்குப் பேரு வேற. இன்னியோட நிக்கணும். நான் தினமும் பாப்பேன். உங்கம்மாகிட்டயும் பேசறேன்.' அப்புறம் கேட்டா, 'தேன்மொழி சேந்த அன்னிக்குக் காலையில செய்யுள் வாசிச்சதுக்கு எல்லாரும் கைதட்டினாங்களாமே, அன்னிக்கு உனக்கு எப்படி இருந்துச்சு?' அந்த மோனிஷா அழுதா பாருங்க. எனக்கு இரக்கம் வரல. கொஞ்சம் வந்துச்சு, அது வெங்காயத்தாலயா இருக்கும்.

எனக்கும் ஒரு வேலை குடுத்தா. 'அக்கா, நீங்க மேடம்னா பிள்ளைங்க எல்லாருக்கும் அது சரின்னு ஆயிருது. பேரச் சொல்லிக் கூப்பிடுங்க. உங்க குரல்ல.' எனக்கே பாடம் எடுக்கறா! இருபத்தி ரெண்டு வருசம் சர்வீசு! சரி போன்னு, அந்தப் பிள்ளைய அவங்கப்பன் திரும்பக் கொண்டுவந்து விட்ட அன்னிக்கு, கேட்டு வரைக்கும் கேக்கற மாதிரி கூப்பிட்டேன். 'அடியே தேன்மொழி, வாடி, முட்டை ஆறுது!' அது வந்த மூணாம் நாள் திவ்யாவும் பேரச் சொல்லிக் கூப்பிட்டா. அஞ்சாம் நாள் திவ்யா பக்கத்துலயே உக்காந்தா. யாரும் ஆயாங்கல. சொல்லிப் பாக்கட்டும்.

எட்டாம் நாள்தான் கூத்து. கிளிந்தட்டுக்கு ஒரு ஆளு குறையுதுன்னு நித்தின் தேன்மொழியக் கூப்பிட்டான். உசரமான பிள்ளை அது, கை நீளம். ரெண்டு பேர மடக்கிருச்சு. 'அடியே ஒட்டடக்குச்சி, கைய மடக்கு!'ன்னு கத்தினான் அவன். கிரவுண்டே திரும்பிப் பாத்துச்சு. அந்தப் பிள்ளை இடுப்புல கைய வெச்சுது. 'போடா தீக்குச்சி, நனைஞ்சு போன தீக்குச்சி!' கெக்கெக்கேன்னு சிரிச்சுது. பல்லு வரிசை இப்படி இருக்கும்னு அன்னிக்குத்தான் பாத்தேன். ஆட்டம் ஒரு நிமிசம் நிக்கல.

ஹெச்.எம். வராந்தாவுல நிக்கறார். கையில லேபிள் ஒட்டின நோட்டு. 'பாத்தீங்களா டீச்சர், பாதிக்கப்பட்ட பிள்ளைன்னீங்க, அது என்ன பேசுது பாருங்க! நாச்சம்மா, எழுதுங்க. நித்தின் மூணு, அந்தப் பிள்ளை மூணு.'

நான் எழுதல. எனக்கு அன்னிக்குக் காது கொஞ்சம் அடைச்சிருந்துச்சு.

டீச்சர் ஒண்ணும் வாதாடல. 'சரிங்க சார், ரூலுன்னா ரூலு'ன்னா. கிரவுண்டுல இறங்கி நேரா தேன்மொழிகிட்டப் போனா. 'எனக்கு என்ன பேரு வெச்சிருக்கீங்க?' பிள்ளைங்க எல்லாம் உதட்டக் கடிக்குதுங்க. 'சும்மா சொல்லு.' 'வேப்பமரம், டீச்சர்.' மரத்தடியிலயே நிப்பாளே, அதுக்கு. அவளும் வாய்விட்டுச் சிரிச்சா. 'நல்லாத்தான் இருக்குது. சொல்ல வெச்சது நான், அதனால எனக்கும் மூணு.' செருப்பக் கழட்டி ஓரமா வெச்சா. முந்தானைய இடுப்புல சொருகினா. ஒரு கையில தேன்மொழி, ஒரு கையில நித்தின். ஹெச்.எம். வாயப் பொளந்துக்கிட்டு நிக்கறார்.

ஓடறதுக்கு மொதல்ல திரும்பி, சுவத்தோரம் தனியா நின்னவளப் பாத்தா. திட்டற பார்வை இல்ல. 'மோனிஷா, நீதான லீடர். சுத்து எண்ணு. மொட்டையா எண்ணாத, ஒவ்வொருத்தர் பேரையும் சொல்லி எண்ணு, கிரவுண்டுக்கே கேக்கணும். தேன்மொழியில இருந்து ஆரம்பி.'